முப்பத்து நான்கு நாள் சிவப்பு விளக்கு

எனக்கு வாய் நீளம். சின்ன வயதிலிருந்தே லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் சொல்வதுதான். வாய் மட்டும் இல்லை, கையும் சும்மா இருக்காது. தானா ராத்தா டவுனில் ஓர் அரசாங்க ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தபிறகு, வாயில் சொல்ல முடியாததையெல்லாம் டைப் அடித்துவிடலாம் என்று ஒரு திமிர் வந்துவிட்டது. அந்தத் திமிரில் நான் அடித்த ஒரு கடிதத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். எண்பதுகளின் கடைசியில் நடந்தது.

எங்கள் வீட்டில் மோபைல் போன் இருந்தது. சிரிக்காதீர்கள், கையில் வைத்துக்கொண்டு நடக்கிற போன் இல்லை. காரிலும் லாரியிலும் மாட்டுவதற்காகச் செய்த செட். தூக்கினால் தோள் இறங்கும். சுருள் வயரில் ஒரு ரிசீவர், பக்கத்தில் ஒரு வண்டி பேட்டரி, கூரைமேல் ஓர் ஏரியல், செட்டுக்கும் ஏரியலுக்கும் நடுவே விரல் தடிப்பில் கறுப்புக் கேபிள். மலையுச்சியில் தொலைபேசிக் கம்பெனி வைத்திருந்த நிலையத்திலிருந்து சிக்னல் வந்தால் பச்சை விளக்கு எரியும். வராவிட்டால் சிவப்பு.

தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு அது எப்படி வந்தது என்றால், அம்மாவின் இழுப்பால் வந்தது. கொழுந்து பறித்து முப்பது வருடம் பனியிலும் மழையிலும் நின்ற உடம்பு. இழுப்பு வந்தால் உதடு நீலம் பாய்ந்துவிடும். லயத்தில் கம்பித் தொலைபேசி கிடையாது. தோட்டத்து ஆபீசில் ஒன்று, மேனேஜர் துரையின் பங்களாவில் ஒன்று, அவ்வளவுதான். அண்ணன் கோலா தெர்லாவில் ஒரு காய்கறி முதலாளியிடம் லாரி ஓட்டினான். முதலாளி புது செட் வாங்கியபோது பழையதை அண்ணன் கேட்டு வாங்கி, கம்பெனியில் என் பேருக்கு மாற்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து மாட்டிக் கொடுத்தான். "அம்மாவுக்கு ஒண்ணுன்னா ஆஸ்பத்திரிக்கு அடி, இல்ல டாக்சிக்காரனுக்கு அடி. நான் எங்கயோ ரோட்டுல கெடப்பேன், என்னால ஓடிவர முடியாது லா" என்றான். மாத வாடகை என் சம்பளத்தில் நல்ல பங்கைத் தின்றது. நான் முணுமுணுக்கவில்லை. பகலில் அம்மா தனியாக இருப்பாள். நான் ஆபீசில், அப்பா தேயிலைத் தொழிற்சாலையில். அந்தப் பச்சை விளக்கை நம்பித்தான் நான் காலையில் பஸ் ஏறினேன்.

அப்பாவுக்கு மட்டும் அந்த செட்டைக் கண்டாலே ஆகாது. அதன் பக்கம் உட்கார மாட்டார். ரிசீவரைத் தொட மாட்டார். "பேசுற பெட்டி" என்பார். ஆள் வருகிற சத்தம் கேட்டால் எழுந்துபோய்த் துண்டை எடுத்து அதன்மேல் போர்த்திவிடுவார். நான் கேலி செய்வேன். "என்னப்பா, குளிருதா அதுக்கு?" என்பேன். அவர் சிரிக்க மாட்டார்.

அவர் பயந்ததற்கு எனக்குத் தெரிந்த காரணம் ஒன்று இருந்தது. வீடு தோட்டத்துடையது. சுவரில் ஆணி அடிப்பதென்றாலும் ஆபீசில் கேட்க வேண்டும் என்பது பழைய சட்டம். ஏரியல் வைக்க நாங்கள் கேட்கவில்லை. அப்பாவுக்கு வயது ஐம்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. பணி முடிந்தால் வீட்டைக் காலி பண்ண வேண்டும். ஒரு வருடம் நீட்டிப்புக் கேட்டு அவர் கொடுத்த மனு துரை மேசையில் கிடந்தது. துரை மனம் கோணினால் இழுப்புக்கார அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது? ஆனாலும் நான் சொல்வேன், லயத்தில் பாதி வீட்டில் டிவி ஏரியல் நிற்கிறது, இதுவும் அதுபோல ஒரு கம்பிதானே, யார் கேட்கப்போகிறார்கள் என்று.

ஒரு நாள் பெருங்காற்று மழை. இடி எங்கோ மேலே விழுந்தது. அதோடு விளக்கு சிவப்பாகிவிட்டது. ஆறு நாள் அப்படியே. நான் தானா ராத்தாவில் பொதுத் தொலைபேசியில் காசு போட்டுக் கம்பெனிக்கு அடித்தேன். "தெரியும், நிலையம் பழுது, பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்றார்கள். ஆறாம் நாள் ராத்திரி பச்சை வந்தது. அப்பாடா என்றிருந்தது. மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அம்மா சொல்கிறாள், "பகலெல்லாம் செவப்புதான் எரிஞ்சுச்சு புள்ள."

"இப்ப பச்சை எரியுதே?"

"அதான் தெரியல. நீ வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் வந்துச்சு."

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். பகலில் செத்து, பொழுது சாய்ந்தால் உயிர் பிடிக்கிற போன். யாருக்கு எப்போது அது வேண்டுமோ அப்போது அது இல்லை. ஆபீசில் டைப் அடிக்கும்போதே கடிகாரத்தைப் பார்ப்பேன். மணி பத்தானால், இப்போது அம்மாவுக்கு இழுத்தால்? பதினொன்று ஆனால், இப்போது? இடைவேளையில் ஓடிப்போய்ப் பொதுத் தொலைபேசியில் எங்கள் நம்பருக்கு அடித்துப் பார்ப்பேன். தொடர்பு இல்லை என்று பதிவு செய்த குரல் சொல்லும். அந்தக் குரலை இப்போதும் என்னால் அப்படியே சொல்லிக் காட்ட முடியும். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி லயத்தைப் பார்த்து நடக்கும்போது, வாசலில் கூட்டம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். கூட்டம் இல்லாவிட்டால் மூச்சு வரும்.

கம்பெனிக்கு மறுபடி அடித்தேன். இந்தத் தடவை, "நிலையம் சரியாகத்தான் வேலை செய்கிறது, புகார் இருந்தால் எழுதி அனுப்புங்கள்" என்றார்கள். எங்கள் ஆபீசின் பெரிய கிளார்க் அனுபவசாலி. அவர்தான் வழி சொன்னார். "நாளும் மணியும் எழுதி வை. வாயால சொல்றது காத்தோட போயிடும். இன்னொண்ணு, கோபத்துல பில்லக் கட்டாம விட்டுறாத. கட்டலன்னா லைன வெட்டிருவான், அப்புறம் உன் புகாருக்கு மரியாத இல்ல. கட்டிட்டு, திருப்பிக் கழிச்சுக் கொடுன்னு கேளு."

அன்றிலிருந்து சுவர்க் காலண்டரில் அம்மாவைக் குறிக்கச் சொன்னேன். சிவப்பு வந்தால் ஒரு கோடு, பச்சை வந்தால் ஒரு வட்டம், பக்கத்தில் மணி. எழுதப் படிக்கத் தெரியாதவள், மணி பார்க்க மட்டும் என்னிடம் கற்றுக்கொண்டவள், ஒரு நாள் தவறாமல் குறித்தாள். காலை ஆறரைக்குக் கோடு. மாலை ஐந்துக்கு வட்டம். தினமும் ஏறக்குறைய அதே மணி. கம்பெனிக்காரன் பகலில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறான் போல என்று நான் திட்டினேன். அந்த மணிகளை ஒரு தடவையாவது ஒழுங்காகப் பார்த்திருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். கோபம் கண்ணை மறைத்துவிட்டது.

இப்படி ஆறு நாளும் இருபத்தேழு நாளும் போய், முப்பத்து நான்காவது நாள் ஒரு சனிக்கிழமை. எனக்கு ஆபீஸ் அரை நாள். பகல் இரண்டரை மணி இருக்கும், மழை கொட்டுகிறது. அப்பாவும் தொழிற்சாலையிலிருந்து அப்போதுதான் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அடுப்படியில் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூப்பிட்டேன். திரும்பினாள். பேச்சு வரவில்லை. நெஞ்சுக்குழி உள்ளே போய்ப் போய் வருகிறது, காற்று மட்டும் உள்ளே போகவில்லை. உதடு அந்த நிறத்துக்கு வந்துவிட்டது.

செட்டுக்குப் பாய்ந்தேன். சிவப்பு. ஆஸ்பத்திரி நம்பரை அழுத்தினேன், ஒன்றும் இல்லை. மறுபடி, மறுபடி. ரிசீவரை அடித்தேன். "அப்பா!" என்று கத்தித் திரும்பினால் அப்பாவைக் காணோம். ஐயோ, இந்த மனுஷன் இந்த நேரத்தில் எங்கே போய்விட்டார்! அம்மாவை மடியில் சாய்த்துக்கொண்டு முதுகைத் தேய்த்தேன். எத்தனை நிமிடமோ தெரியாது. அவள் கண் மேலே செருகியது. நான் கத்தினேன், அழுதேன், கடவுளைத் திட்டினேன்.

அப்பா பின்வாசல் வழியாக வந்தார். தொப்பலாக நனைந்திருந்தார். முழங்கையில் ரத்தம்.

"எங்க போய்த் தொலைஞ்சீங்க? பொண்டாட்டி சாகக் கெடக்கா, நீங்க மழையில என்ன பண்றீங்க?"

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. குனிந்து அம்மாவை முதுகில் போட்டுக்கொண்டார். அந்த வழுக்குப் பாதையில், மழையில், தோட்டத்து மருந்தகம் வரைக்கும் ஓடினார். நான் குடையும் இல்லாமல் பின்னால் ஓடினேன். அங்கே வைத்தியம் பார்க்கிற டிரெஸ்ஸர் ஊசி போட்டு, தோட்டத்து வேனில் ஏற்றித் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். "இன்னும் ஒரு அஞ்சு நிமிஷம் போயிருந்தா என்கிட்ட கொண்டு வந்திருக்க வேண்டாம்" என்றார் டிரெஸ்ஸர். அம்மா பிழைத்தாள். நான்கு நாள் வார்டில் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து கடிதத்தைக் கையால் எழுதினேன். திங்கட்கிழமை இடைவேளையில் மலாயில் டைப் அடித்தேன். மேலே கணக்கு எண், தொலைபேசி எண். கீழே முப்பத்து நான்கு நாளுக்கும் பட்டியல்: நாள், சிவப்பு வந்த மணி, பச்சை வந்த மணி. முதல் ஆறு நாள் முழுவதும், மீதி இருபத்தெட்டு நாள் பகல் நேரம். கட்டிய பில்லின் ரசீது நகல் ஒன்று. பிறகு மூன்று கோரிக்கைகள். ஒன்று, இந்த நாட்களுக்கான வாடகையை அடுத்த பில்லில் கழிக்க வேண்டும். இரண்டு, பழுது என்ன என்று எழுத்தில் சொல்ல வேண்டும். மூன்று, இனி நடக்காது என்று உறுதி தர வேண்டும். கடைசியில் ஒரு பத்தி. அதுதான் என் நெஞ்சிலிருந்து வந்த பத்தி.

தபாலில் போடுவதற்குமுன் அன்று சாயங்காலம் அப்பாவிடம் தமிழில் படித்துக் காட்டினேன். எனக்குப் பெருமை. அவர் தரையில் உட்கார்ந்து கேட்டார். கடைசிப் பத்திக்கு வந்தேன்.

"'இந்தச் சனிக்கிழமை என் தாயார் மூச்சுத் திணறிச் சாகும் நிலைக்குப் போனார். உதவிக்கு அழைக்கத் தொலைபேசி இல்லை. அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் அந்தப் பாவம் தொடர்பைத் துண்டித்து வைத்தவர்களையே சேரும்.'"

அப்பா முழங்கைக் காயத்தைத் தடவிக்கொண்டார். பிறகு, "அந்தக் கடைசி வரிய எடுத்துரும்மா" என்றார்.

"ஏன்? பொய்யா சொல்றேன்?"

"பொய் இல்ல. வேணாம். பாவம் கீவம்னு எழுதாத."

"நீங்க இப்படிப் பயந்து பயந்துதான் எல்லாரும் நம்ம தலையில ஏறி மிதிக்கிறாங்க. அந்த வரி இருக்கும்."

அந்த வரி இருந்தது. நான் தபாலில் போட்டேன்.

கடிதம் போனதிலிருந்து போன் ஒரு நாள்கூடக் கெடவில்லை. அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள், காலண்டரில் வட்டம் வட்டமாகப் போட்டாள், கோடே இல்லை. நான் ஆபீசில் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன். பார்த்தீர்களா, ஒரு கடிதம், ஒரே கடிதம், அலறிக்கொண்டு சரி பண்ணிவிட்டான் என்றேன். ஆனாலும் எனக்குள் பயம் போகவில்லை. ஒரு தடவை சிவப்பானது இன்னொரு தடவை ஆகாதா? காலையில் பஸ்ஸுக்குப் போகுமுன் மூன்று தடவை திரும்பி வந்து விளக்கைப் பார்ப்பேன். அப்பாவும் பார்ப்பார். அவர் முன்னால் அந்தப் பக்கமே வராத ஆள். இப்போது தள்ளி நின்று எட்டிப் பார்த்தார்.

மூன்றாவது வாரம் கம்பெனியின் பதில் வந்தது. தோட்டத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் ஆபீசுக்குத்தான் போகும், ஆபீஸ் கணக்கரான கிராணி பிரித்து அடுக்கிச் சம்பள நாளிலோ, காலையில் பேர் கூப்பிடுகிற பிரட்டு நேரத்திலோ கொடுப்பார். கம்பெனி முத்திரை போட்ட நீளக் கவரைக் காலைப் பிரட்டில், எல்லாருக்கும் முன்னால் கிராணி அப்பாவிடம் நீட்டினாராம். "என்ன, பெரிய எடத்துலேருந்தெல்லாம் கடுதாசி வருது?" என்று கேட்டாராம். அப்பா கவரைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வேலைக்குப் போய், சாயங்காலம் அதே மாதிரி வேர்வையில் நனைந்த கவரை என்னிடம் கொடுத்தார்.

கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது. முதல் ஆறு நாள் இடியால் நிலையம் பழுதானது உண்மை, அந்த நாட்களின் வாடகையைக் கழித்துக்கொள்கிறோம். ஆனால் மற்ற இருபத்தெட்டு நாளும் நிலையத்தின் பதிவேட்டில் எந்தப் பழுதும் இல்லை; அதே மலையில் வேறு வாடிக்கையாளர் யாரும் புகார் செய்யவில்லை. ஆகவே உங்கள் வீட்டில் சோதிக்க ஒரு டெக்னிஷன் வருகிற செவ்வாய்க்கிழமை வருவார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. பொய் சொல்கிறேன் என்கிறானா? நான் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா மெதுவாகக் கேட்டார், "ஆள் இங்க வருவானா? கேட்டுல ஆபீசுல சொல்லாம உள்ள விடமாட்டானே."

"வரட்டுமே."

"துரைக்குத் தெரிஞ்சிரும் புள்ள."

"தெரியட்டும்!" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அன்று படுத்தால் வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றுவதுதான் கண்ணுக்குள் ஓடியது. அம்மாவின் மனையும் மரக்கட்டிலும் எந்த ஊர்த் தெருவில் இறங்கும் என்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டேன். அப்பாவும் வேலைக்குப் போகவில்லை, வயிற்று வலி என்று சொல்லியனுப்பினார். பத்து மணிக்குக் கம்பெனி வேன் வந்தது. முன்னால் தோட்டத்து ஆபீஸ் பியூன் மோட்டார் சைக்கிளில் வழி காட்டிக்கொண்டு வந்தான். லயம் முழுக்க வாசலில் நின்றது. அப்பா கோழிக்கூண்டுப் பக்கம் ஒதுங்கினார்.

டெக்னிஷன் மலாய்க்கார இளைஞர், ரொம்ப அடக்கம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "மாக்சிக் சுகமா?" என்று, பெரியம்மா முறை வைத்து, அம்மாவை முதலில் விசாரித்தார். என் கடிதத்தைப் படித்திருக்கிறார் என்று தெரிந்தது. பேட்டரியைச் சோதித்தார், நன்றாக இருந்தது. வேனிலிருந்து தன்னுடைய செட்டையும் ஒரு மீட்டரையும் கொண்டுவந்து முற்றத்தில் வைத்துப் பார்த்தார். சிக்னல் பலமாக இருக்கிறது என்றார். என் காலண்டரைக் கேட்டு வாங்கி, விரலை வைத்துக் கோடு வட்டம் எல்லாவற்றையும் பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார்.

"காக், நிலையம் கெட்டால் மணி பார்த்துக் கெடாது. இது வேலைக்குப் போய் வருகிற மாதிரி இருக்கிறது" என்றார் மலாயில், என்னை அக்கா என்று கூப்பிட்டு. எனக்கு அப்போதும் விளங்கவில்லை. "நான் கடிதம் போட்டதும் சரி பண்ணினீர்களே, என்ன பண்ணினீர்கள்?" என்று கேட்டேன். "நாங்கள் எதையும் தொடவில்லை" என்றார்.

பிறகு ஏணி வைத்து அடுப்படிக் கூரைமேல் ஏறினார். ஏரியலின் அடியில் கேபிள் வந்து சேருகிற இடத்தில் ஒரு பித்தளைத் திருகு இருக்கும். அதைக் கழற்றிக் கையில் எடுத்துப் பார்த்தார். கூரையிலிருந்தே என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வெயிலிலும் மழையிலும் கிடந்த பித்தளை கறுத்துப்போய் இருக்க வேண்டும். இது மரைகளெல்லாம் தேய்ந்து பளபள என்று இருந்தது. நடு ஊசி வளைந்திருந்தது.

"இதை யாரோ தினமும் கழற்றி மாட்டியிருக்கிறார்கள்" என்றார்.

காலை ஆறரை. மாலை ஐந்து. தொழிற்சாலைச் சங்கு ஊதி அப்பா போகிற மணி, வருகிற மணி. திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவர் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தன் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அடிபட்ட முழங்கை.

அந்தப் பையன் நல்லவர். இறங்கி வந்து, புதுத் திருகு ஒன்று போட்டுக் கொடுத்து, தாளில் எழுதினார். "வாடிக்கையாளர் பக்கத்துக் கேபிள் இணைப்புத் தளர்வு. நிலையத்தில் பழுதில்லை." யார் தளர்த்தினார்கள் என்று எழுதவில்லை, கேட்கவும் இல்லை. இதற்கு நாள் கணக்கில் கழிவு தர முடியாது, முதல் ஆறு நாளுக்கு உண்டு என்று சொல்லி என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போனார். பியூனும் போனான். துரை நாளைக் காலையில் அப்பாவை ஆபீசுக்கு வரச் சொன்னதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அப்பா தானாகவே பேசினார்.

"புயலுக்குப் பெறகு சின்னத் துரை வந்தாருல்ல, கூரை பாக்க. நம்ம கூரையவே நின்னு பாத்தாரு. பொஸ்தகத்துல எழுதினாரு. எனக்கு ஈரக்குலை நடுங்கிப்போச்சு."

"அதுக்குக் கம்பியக் கழட்டுவீங்களா?"

"கழண்டு கெடந்தா அது வெறும் இரும்புதானேம்மா. யாரு கேட்டாலும் டிவி கம்பின்னு சொல்லலாம். மாட்டியிருந்தாதான் அது பேசும். தொரைமாருங்க சுத்துற நேரம் கழட்டிருவேன், அவங்க பங்களாவுக்குப் போனா மாட்டிருவேன்." துண்டை உதறித் தோளில் போட்டார். "உனக்குத் தெரியாது. வெள்ளக்காரன் காட்டுல கம்யூனிஸ்டுங்களத் தேடுன அவசர காலத்துல எங்க லயத்துல ஒரு ஆளு. ரேடியோ பெட்டிய உடைச்சு உடைச்சுப் பூட்டுவாரு, அதுல ஒரு ஆச. காட்டுல உள்ளவனுங்களோட பேசுறான்னு எவனோ சொல்லிட்டான். சோல்ஜருங்க வந்து லோரியில ஏத்துனாங்க. பொண்டாட்டி பின்னாலயே ஓடுச்சு. அந்த ஆளு திரும்பி வரவே இல்ல. எனக்குப் பதினெட்டு வயசு. நான் அந்த வீட்டுக்கு எதிர்ல நின்னேன்."

வாய் நீளம் என்று பேர் எடுத்தவள் நான்.

"அன்னிக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

"அன்னிக்கு ஓடிப்போய் ஏறுனேன் புள்ள. மாட்டிரலாம்னு. மழை. கை நடுங்குது. மரை பிடிக்கவே இல்ல. சறுக்கி விழுந்தேன், மறுபடி ஏறுனேன். நீ கீழ கத்துற, கேக்குது. பிடிக்கவே இல்ல. அப்புறம்தான் எறங்கி வந்து தூக்குனேன். ராத்திரி வந்து மாட்டுனேன், அதுக்கப்புறம் அதத் தொடவே இல்ல." அவர் அம்மாவைப் பார்க்காமல் சொன்னார், "மருந்தகத்துல டிரெஸ்ஸர் அஞ்சு நிமிஷம்னாரே. அந்த அஞ்சு நிமிஷம் நான் கூரையில இருந்தேன்."

அம்மாவுக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். அவள், "கெழவனுக்கு இந்த வயசுல கூரையேற ஆச" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் படித்துக் காட்டிய அந்தக் கடைசி வரி என் தலைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. பாவம் தொடர்பைத் துண்டித்து வைத்தவர்களையே சேரும். அவர் முகத்துக்கு நேராக நிறுத்தி நிதானமாகப் படித்திருக்கிறேன். எடுத்துவிடு என்று கேட்டார், எடுக்கவில்லை.

மறுநாள் காலை அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனார். நான் கூட வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டார். வாசலில் நின்றபடி சட்டைப் பொத்தானைக் கழற்றினார். என் மனம் சாமான்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டது.

"தொரை சிரிச்சாரு" என்றார். "அது டிவி கம்பின்னு நெனச்சாராம். கேட்டுட்டு வச்சிருக்கலாமே, இடி தாங்க ஒரு கம்பி மண்ணுல புதைச்சு வைன்னு சொன்னாரு. சின்னத் துரை பொஸ்தகத்துல எழுதினது நம்ம கூரைத் தகரமாம். துருப்பிடிச்சிருக்கு, மாத்தணும்னு எழுதினாராம்."

நான் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. அவருக்கும் வரவில்லை. இருபத்தெட்டு நாள் அவர் விடிகாலையில் ஏறி ஏறி இறங்கியது ஒரு துருப்பிடித்த தகரத்துக்காக.

அன்று சாயங்காலம் நான் இரண்டாவது கடிதத்தைக் கையால் எழுதினேன். பதிவேட்டில் உள்ள ஆறு நாளுக்கான கழிவை ஏற்றுக்கொள்கிறேன். மீதி இருபத்தெட்டு நாளுக்கான கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறேன். பழுது எங்கள் வீட்டுக் கேபிளில்தான் இருந்தது. முதல் கடிதத்தின் கடைசிப் பத்திக்கு வருந்துகிறேன். இவ்வளவுதான். யார், ஏன் என்று ஒன்றும் எழுதவில்லை. எழுத எனக்கு மனம் வரவில்லை.

அப்பா, "படி" என்றார். தரையில், அன்று உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தார். தமிழில் படித்தேன். முடித்தேன்.

"என் பேரு வரலியே" என்றார்.

"தேவையில்லப்பா. கேபிள் லூசுன்னு அவங்களே எழுதிட்டாங்க. போதும்."

"நீ அவங்களப் பாவின்னு எழுதிட்ட. அந்தப் பொடியன் அதப் படிச்சிட்டுத்தான் வந்து உங்கம்மாவ முதல்ல சுகமான்னு கேட்டான். யாருன்னு தெரியாட்டி அது அவன் மேலயே நிக்கும்."

பிரட்டில் பேர் கூப்பிட்டாலே கூசுகிறவர். யூனியன் தாளில்கூட மற்ற எல்லாரும் போட்டபிறகு, ஓரத்தில், கடைசியாகக் கைநாட்டு வைக்கிறவர். எந்தக் காகிதத்தில் பேர் இருந்தாலும் ஒரு நாள் லாரி வந்து ஏற்றிப்போகும் என்று முப்பத்தைந்து வருடம் நம்பியவர். அவர் என் பேனாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எழுதினேன். கேபிளைக் கழற்றியது என் தகப்பனார் என்றும், பயத்தினால் செய்தார் என்றும். அவர் பேரை அவர் சொல்லச் சொல்ல முழுவதாக எழுதினேன், அவருடைய அப்பா பேரோடு சேர்த்து. என் கையெழுத்துக்குப் பக்கத்தில் இடம் விடச் சொன்னார். மைப்பெட்டி வீட்டில் இல்லை. பேனாவின் மையைக் கட்டைவிரலில் நான்தான் தேய்த்துவிட்டேன். இன்னொரு கையால் அதைப் பிடித்து அழுத்தி வைத்துவிட்டு, "பச்சை எரியுதா பாரு" என்றார்.

எரிந்தது.